அத்தைக்கு இன்று 65

தலையில் ஏற்றிய கண்ணாடியைத்
தலையணை அடியில் தேடும் அத்தை,
எங்கள் முகம் லேசாய் வாடினால் மட்டும்
கண்ணாடி இல்லாமலே கண்டுபிடிப்பீர்கள்!

போனில் நீங்கள் பேசும் ரகசியம்
பக்கத்து வீட்டுக்கும் தெளிவாய்க் கேட்கும்.
"சரி, வைக்கிறேன்" என்று சொல்வீர்கள்,
அப்புறம்தான் அரைமணி நேரம் பேச்சே!

"இனிமேல் ஓய்வுதான்" என்று உட்காருவீர்கள்,
மறுநிமிடம் துணி அலமாரி முன் நிற்பீர்கள்.
மடித்த துணியை மறுபடி மடிப்பீர்கள்
(நாங்கள் மடித்ததைத்தான், தெரியும் அத்தை!)

உங்கள் பிள்ளைகளோடு எங்களுக்குச் சண்டை என்றால்
பெற்றவர் நீங்களே எங்கள் பக்கம்.
"அவன் சின்ன வயசிலிருந்தே இப்படித்தான்!"
அந்த ஒரு வரியில் கோபமெல்லாம் சிரிப்பாகும்.

சின்னவளுக்குக் காய்ச்சல் அடித்த இரவில்
நெற்றித் துணியை நனைத்து நனைத்துப் போட்டு
விடிய விடிய விழித்திருந்தீர்கள்.
காலையில் கேட்டால், "தூக்கம் வரலைம்மா" என்றீர்கள்.
உங்களுக்குப் பொய் சொல்லவே வராது அத்தை.

மூத்தவளும் சின்னவளும் சேர்ந்து வந்தோம்,
முத்தம் கொடுக்கணும், கன்னத்தைக் காட்டுங்கள்.
பிறந்தநாள் வாழ்த்துகள், எங்கள் செல்ல அத்தை!
போட்டோ எடுக்கிறோம், அசையாதீர்கள்...
கண்ணாடியா? தலையில்தான் இருக்கிறது!