டயாலிசிஸ் பிரிவு: 2026–27 வரவு செலவுத் திட்ட முன்மொழிவு

பெறுநர்: நிர்வாக அலுவலர், நிதிக்குழு உறுப்பினர்கள்
அனுப்புநர்: டயாலிசிஸ் பிரிவுப் பொறுப்பாளர், மார்த்தாண்டம்
நாள்: 12 ஜனவரி 2026
காலம்: 1 ஏப்ரல் 2026 முதல் 31 மார்ச் 2027 வரை

மதிப்பிற்குரியோருக்கு,

கடந்த ஆண்டு எங்கள் பிரிவுக்கு முந்தைய ஆண்டுத் தொகையுடன் பத்து சதவீதம் கூட்டிக் கொடுத்தீர்கள். அந்தத் தொகை சுமார் 5,500 டயாலிசிஸுக்குத்தான் போதும். மார்ச் முடியும்போது 6,050 தொட்டுவிடுவோம். நவம்பர் மாதம் பிளட் லைன் தீர்ந்துபோய், வழக்கமாக ரூ.180க்கு வாங்குவதை ரூ.260க்கு 300 செட் வெளியில் வாங்கினோம். அதில் மட்டும் ரூ.24,000 கூடுதல் செலவு. ஸ்டோர்ஸிலும் தவறில்லை, எங்களிடமும் தவறில்லை. நோயாளி எண்ணிக்கையைப் பார்க்காமல் தொகை போட்டதுதான் காரணம்.

அதனால் இந்த முறை தொகையில் தொடங்கவில்லை. எத்தனை டயாலிசிஸ் நடக்கும் என்பதில் தொடங்குகிறேன்.

எத்தனை பேர், எத்தனை டயாலிசிஸ்

ஏப்ரலில் 48 நோயாளிகள் இருப்பார்கள். வாரம் மூன்று முறை வருபவர்கள் 28 பேர், இரண்டு முறை வருபவர்கள் 20 பேர். ஆக, வாரத்துக்கு 124 இடங்கள். சேர்ந்தவர்கள், மாறிப்போனவர்கள், இறந்தவர்கள் எல்லாரையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆண்டில் நிகரமாக எட்டுப் பேர் கூடுவார்கள் என்று கணக்கிடுகிறேன். புதிதாக வருபவர்களை வாரம் மூன்று முறை என்றே எடுத்திருக்கிறேன், அப்படித்தான் எழுதித் தருகிறார்கள். மார்ச் 2027இல் 56 பேர், வாரம் 148 இடங்கள்.

பதிவு செய்த எல்லாரும் வருவதில்லை. எங்கள் பதிவேட்டின்படி நூற்றுக்கு ஆறு இடம் காலியாகப் போகிறது. மழை ஒரு காரணம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அருமனை, கடையாலுமூடு, பேச்சிப்பாறை பக்கமிருந்து வருபவர்கள் ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் தவறுகிறார்கள். குளச்சல் பக்கம் வேறு கதை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். சிகிச்சைக்கு காப்பீடு இருந்தாலும் கூட ஒரு ஆளை அழைத்துக்கொண்டு வர பஸ் காசு, ஆட்டோ காசு வேண்டுமே. தவறவிட்டவர் இரண்டு நாள் கழித்து மூச்சுத்திணறலோடு அவசரமாக வருகிறார். அதனால்தான் தவறிய இடத்தை 'மிச்சம்' என்று நான் எழுதுவதில்லை.

வார்டு, ஐசியு, அவசர சிகிச்சைக்கு மாதம் 24 வீதம் 288 சேர்த்திருக்கிறேன்.

| காலாண்டு | பதிவான இடங்கள் | வருவது | அவசரம் சேர்த்து |
|---|---|---|---|
| ஏப்ரல்–ஜூன் | 1,651 | 1,552 | 1,624 |
| ஜூலை–செப்டம்பர் | 1,729 | 1,606 | 1,678 |
| அக்டோபர்–டிசம்பர் | 1,807 | 1,680 | 1,752 |
| ஜனவரி–மார்ச் | 1,885 | 1,810 | 1,882 |
| ஆண்டு | 7,072 | 6,648 | 6,936 |

எங்களிடம் பத்து இயந்திரம். எட்டு பொதுவுக்கு, ஒன்று ஹெபடைடிஸ் சி உள்ள மூவருக்கு மட்டும், ஒன்று பழுது வந்தால் மாற்றுவதற்கு. ஒன்பது இயந்திரம், நாளுக்கு மூன்று சுற்று, ஞாயிறு நீங்கலாக 313 நாள் என்றால் 8,451 இடம். 6,936 அதில் 82 சதவீதம். நிறைய இடம் இருப்பது போலத் தெரியும், ஆனால் ஆண்டுச் சராசரி ஏமாற்றும். மார்ச்சில் வாரம் 162 இடத்தில் 148 போய்விடும், அவசரக் கேஸ் தனி. சிவராத்திரி, மண்டைக்காடு கொடை என்று ரோடு நெரியும் மாதங்களும் அப்போதுதான் வருகின்றன. பதினொன்றாவது இயந்திரம் பற்றி இந்தத் தொகையில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் 2026 டிசம்பரில் அதைப் பேசியாக வேண்டும்.

ஒரு டயாலிசிஸுக்கு ஆகும் பொருட்கள்

| பொருள் | கணக்கு | ஆண்டுத் தொகை (ரூ.) |
|---|---|---|
| டயலைசர் | 1,763 × 900 | 15,86,700 |
| பிளட் லைன் | 6,936 × 180 | 12,48,480 |
| ஃபிஸ்டுலா ஊசி (ஜோடி) | 5,549 × 60 | 3,32,940 |
| கதீட்டர் டிரஸ்ஸிங் | 1,387 × 110 | 1,52,570 |
| ஏ, பி கரைசல் | 6,936 × 130 | 9,01,680 |
| சலைன் | 6,936 × 70 | 4,85,520 |
| ஹெப்பரின் | 6,936 × 40 | 2,77,440 |
| கையுறை, சிரிஞ்ச், பஞ்சு, பிளாஸ்டர் முதலியன | 6,936 × 85 | 5,89,560 |
| டயலைசர் மறுபயன்பாட்டுக் கிருமிநாசினி | 6,208 × 25 | 1,55,200 |
| கூட்டுத்தொகை | | 57,30,090 |
| சேதாரம் 3% | | 1,71,903 |
| மொத்தம் | | 59,01,993 |

சேதாரமும் சேர்த்து ஒரு டயாலிசிஸுக்கு ரூ.851.

இந்தப் பட்டியலில் நீங்கள் கேள்வி கேட்க வேண்டிய வரி முதல் வரிதான். ஒரு டயலைசரைக் கழுவி, கொள்ளளவு பார்த்து, அதே நோயாளிக்கே மறுபடி பயன்படுத்துகிறோம். முதலில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அது குப்பைக்கு. சராசரி ஆறு முறை கிடைக்கிறது. ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்கும் (440) அவசரக் கேஸ்களுக்கும் (288) மறுபயன்பாடு கிடையாது, ஒருமுறையோடு சரி. மீதி 6,208ஐ ஆறால் வகுத்தால் 1,035. அதோடு 728 சேர்த்து 1,763. சராசரி ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்கினால் 207 டயலைசர் கூட வேண்டும், ரூ.1,86,300. அப்படி இறங்கினால் அது வீண் செலவு என்று பார்க்க வேண்டாம். ஹெப்பரின் அளவோ கழுவும் முறையோ எங்கோ சரியில்லை என்பதன் அறிகுறி. மாதம்தோறும் இந்த எண்ணை உங்களுக்கு அனுப்புவேன். ஆறு என்பதை எட்டாக்கச் சொல்லி எங்களை வற்புறுத்த வேண்டாம் என்பது மட்டும் வேண்டுகோள்.

எரித்ரோபாய்ட்டின், இரும்புச்சத்து ஊசி இரண்டும் மருந்தகக் கணக்கில் போவதால் இங்கே இல்லை.

தண்ணீர், மின்சாரத்துக்கு டயாலிசிஸ் ஒன்றுக்கு ரூ.95, ஆண்டுக்கு ரூ.6,58,920. நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் டயாலிசேட் ஓடுகிறது. பிரைமிங், கழுவல் எல்லாம் சேர்த்து ஆர்.ஓ. தண்ணீர் சுமார் 180 லிட்டர் ஆகிறது. எங்கள் பிளாண்ட் பாதியைக் கழிவாகத் தள்ளுவதால் ஏற்றும் தண்ணீர் 360 லிட்டர். நாளுக்கு 22 டயாலிசிஸ் என்றால் கிட்டத்தட்ட 8,000 லிட்டர். கழிவுத் தண்ணீரைக் கழிவறைத் தொட்டிக்குத் திருப்பியதில் பராமரிப்புப் பிரிவு சந்தோஷப்படுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் லாரித் தண்ணீர் வாங்க நேர்ந்தால் அது இந்த ரூ.95க்குள் அடங்காது.

ஆட்கள்

பொருட்கள் வந்த நோயாளிகளின் எண்ணிக்கையோடு நடக்கும், ஆட்கள் பதிவான இடங்களோடு நடப்பார்கள். நோயாளி வராமல் போனால் டயலைசர் மிச்சமாகும், டெக்னீசியன் சம்பளம் மிச்சமாகாது. இதைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே சதவீதத்தில் ஏற்றி இறக்கியதுதான் இதுவரை வந்த குழப்பம்.

மூன்று இயந்திரத்துக்கு ஒரு டெக்னீசியன் என்பது எங்கள் அளவு. சுற்றுகள் காலை 6, 11, மாலை 4 மணிக்குத் தொடங்கும். பணி நேரம் இரண்டு: காலை 5.45 முதல் 1.45 வரை, மதியம் 1.15 முதல் இரவு 9.15 வரை. காலையில் மூவர், மாலையில் இருவர், டயலைசர் கழுவும் அறையில் பொதுப்பணியில் ஒருவர் என ஆறு இடம். பதினொரு மணிச் சுற்று முடிகிற வரை அந்த ஒருவர்தான் கைகொடுக்கிறார்.

ஒருவருக்கு 313 நாளில் விடுப்பு 33 போனால் மிஞ்சுவது 280. ஆறு இடத்துக்கு 6 × 313 ÷ 280 = 6.7, அதாவது ஏழு பேர். இப்போது இருப்பது ஆறு பேர். ஒருவர் திருமணத்துக்கு விடுப்பு எடுத்தால் மற்றவர்கள் இரண்டு வேலை சேர்த்துப் பார்க்கிறார்கள். ஏழாவது நபரைக் கேட்பது அந்தப் பள்ளத்தை மூடத்தான்.

எட்டாவது நபருக்கு நான் தேதி கேட்கவில்லை, ஒரு எண்ணைக் கேட்கிறேன். முதல் இரண்டு சுற்றிலும் ஒன்பது இயந்திரம் ஓடினால் வாரம் 108 இடம். மூன்றாம் சுற்றில் இரண்டு டெக்னீசியன் ஆறு இயந்திரம் பார்க்கலாம், அது 36. அவசரமும் சேர்த்துப் பதிவு வாரம் 144ஐத் தாண்டி நான்கு வாரம் நின்றால் மாலைக்கு மூன்றாவது ஆள் வேண்டும். வளர்ச்சி மேலே சொன்ன வேகத்தில் போனால் அது நவம்பரில் வரும். வராவிட்டால் ஆள் எடுக்க வேண்டாம், தொகை உங்களிடமே இருக்கட்டும்.

| பணி | கணக்கு | ஆண்டுத் தொகை (ரூ.) |
|---|---|---|
| டெக்னீசியன் | 7 பேர் 12 மாதம் + 1 நபர் 5 மாதம் × 21,000 | 18,69,000 |
| செவிலியர் | 2 பேர் × 23,000 | 5,52,000 |
| பிரிவுப் பொறுப்பாளர் | 34,000 | 4,08,000 |
| அட்டெண்டர் | 2 பேர் × 14,500 | 3,48,000 |
| அட்டெண்டர் விடுப்பு மாற்று | 66 நாள் × 600 | 39,600 |
| மொத்தம் | | 32,16,600 |

செவிலியர் விடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். சிறுநீரக மருத்துவரின் ஊதியம் பொதுமருத்துவப் பிரிவுக் கணக்கில் வருகிறது.

பராமரிப்பு ஒப்பந்தம் பத்து இயந்திரத்துக்கு ரூ.3,50,000. ஆர்.ஓ. பராமரிப்பு, தண்ணீர்ப் பரிசோதனை ரூ.1,60,000. இரண்டும் எத்தனை டயாலிசிஸ் நடந்தாலும் மாறாது.

மொத்தமும், எண்ணிக்கை மாறினால் என்ன ஆகும் என்பதும்

| | குறைவு | எதிர்பார்ப்பு | கூடுதல் |
|---|---|---|---|
| டயாலிசிஸ் | 6,300 | 6,936 | 7,500 |
| பொருள், தண்ணீர், மின்சாரம் (ரூ.) | 59,59,800 | 65,60,913 | 70,95,000 |
| ஆட்கள், பராமரிப்பு (ரூ.) | 36,21,600 | 37,26,600 | 37,89,600 |
| மொத்தம் (ரூ.) | 95,81,400 | 1,02,87,513 | 1,08,84,600 |
| ஒன்றுக்கு (ரூ.) | 1,521 | 1,483 | 1,451 |

குறைவில் எட்டாவது டெக்னீசியன் இல்லை. கூடுதலில் அவர் ஆகஸ்டிலேயே வருகிறார்.

நான் கேட்பது ரூ.1,02,87,513க்கு ஒப்புதல். ஆனால் பொருள் பகுதியை மொத்தத் தொகையாகப் பூட்டாமல் டயாலிசிஸ் ஒன்றுக்கு ரூ.946 (பொருள் 851, தண்ணீர் மின்சாரம் 95) என்ற விகிதமாகவே ஒப்புக்கொள்ளுங்கள். மாத முடிவில் பதிவேட்டு எண்ணிக்கையைப் பெருக்கினால் எங்கள் உரிமை தெரிந்துவிடும். அதைவிட ஐந்து சதவீதம் கூடினால் நான் காரணம் எழுதித் தருகிறேன். குறைந்தாலும் எழுதுகிறேன், குறைவதும் சில சமயம் நல்ல செய்தியல்ல.

இன்னும் இரண்டு விஷயம். நோயாளிகளில் பெரும்பாலோர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறார்கள். அந்தப் பணம் நமக்கு வந்துசேர சராசரி 70 நாள் ஆகிறது. பொருள் கொடுப்பவர்கள் 30 நாளில் பில்லை நீட்டுகிறார்கள். இடையில் உள்ள 40 நாளைக் கணக்குப் பிரிவு முன்கூட்டியே ஒதுக்கினால் நவம்பர் நிலைமை திரும்ப வராது.

அப்புறம், இருப்பு. சாதாரணமாக 30 நாளுக்கு வைக்கிறோம். அக்டோபர் முதல் தேதிக்குள் அதை 40 நாளாக்க அனுமதி வேண்டும், கூடுதல் முதலீடு சுமார் ரூ.1,90,000. 2017 நவம்பர் 30இல் ஒக்கி வந்தபோது மரம் விழுந்து ரோடும் கரண்டும் போன நாட்களை இந்தக் குழுவில் பலர் நேரில் பார்த்தவர்கள்தான். கரைசல் கேன் கனமானது, மழையில் லாரி வராவிட்டால் தலையில் சுமந்து கொண்டுவர முடியாது. ஸ்டோர்ஸில் கிழக்குப் பக்க அறையை இதற்கு ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்போது அங்கே பழைய கட்டில்கள்தான் இருக்கின்றன.

பதிவேட்டு நகல், மூன்று நிறுவனங்களின் விலைப்புள்ளிகள், விடுப்புக் கணக்கு ஆகியவை இணைப்பில் உள்ளன. கூட்டத்துக்கு என்னை அழைத்தால் காலை 11 மணிச் சுற்று தொடங்கிய பிறகு வர வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பொறுப்பாளர், டயாலிசிஸ் பிரிவு