இரண்டாம் நாள் காலை: நேத்து விட்ட இடத்துல இருந்து

எல்லாருக்கும் காலை வணக்கம், நம்ம முதலுதவி பயிற்சியோட ரெண்டாம் நாள் இது. வாங்க வாங்க, கதவுகிட்ட நிக்கிறவங்களும் உள்ள வந்துடுங்க. நாற்காலிய இன்னைக்கு வட்டமா போட்டிருக்கோம், நேத்து பக்கத்துல இருந்தவங்க கூடவே உக்காராம புது ஆள் ஒருத்தர் பக்கத்துல உக்காருங்க, ஏன்னு இப்போ சொல்றேன். நேத்து 18 பேர் இருந்தோம், இன்னைக்கு 17, ஒருத்தருக்கு ஷிஃப்ட் மாறிடுச்சாம், மதியம் வந்து சேர்ந்துக்கறேன்னு மெசேஜ் போட்டிருக்காங்க.

நேத்து பொம்மையோட நெஞ்ச அழுத்தி சிபிஆர் பழகினதுல, காலைல எழுந்ததும் யாருக்கெல்லாம் உடம்பு வலிச்சுது? கை தூக்குங்க பாப்போம். நிறைய பேர் இருக்கீங்க. தோள்பட்டை, மேல் முதுகுன்னா பரவாயில்ல, பழக்கம் இல்லாத வேலை செஞ்சிருக்கு உடம்பு. ஆனா முழங்கை, மணிக்கட்டு வலிக்குதுன்னா பெரும்பாலும் முழங்கைய மடக்கி கை பலத்துல அழுத்தியிருப்பீங்க. கை நேரா இருக்கணும், தோள் உங்க கைக்கு நேர் மேல வரணும், மேல் உடம்போட எடைதான் இறங்கணும். இன்னைக்கு பொம்மைகிட்ட போனதும் அதை மொதல்ல பாத்துக்கங்க.

சரி, இப்போ புது ஆள் பக்கத்துல உக்கார சொன்ன காரணம். நோட்ட மூடி வச்சிடுங்க. ஒருத்தர் கண்ணு முன்னாடி மயங்கி விழுந்துட்டாரு, அடுத்து என்ன செய்வீங்கன்னு பக்கத்துல இருக்கறவருக்கு வரிசையா சொல்லுங்க, அவரு எதை விட்டீங்கன்னு மட்டும் கவனிக்கட்டும், அப்புறம் மாத்திக்கங்க. ஆளுக்கு ரெண்டு நிமிஷம். ஆரம்பிங்க.

போதும், நிறுத்திக்கலாம். நான் சுத்தி வந்து கேட்டதுல பாதி பேர் "தோளத் தட்டி கூப்பிடுவேன்"ல ஆரம்பிச்சீங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கே, அந்த இடம் நமக்கு பாதுகாப்பானதான்னு பாக்கணும், கரண்ட் வயரு, வண்டி, தீ, எதுவா வேணா இருக்கலாம், நாமளும் விழுந்துட்டா காப்பாத்த வேண்டிய ஆளு ரெண்டா ஆயிடும். அப்புறம்தான் ரெண்டு தோளையும் தட்டி சத்தமா கூப்பிடறது. பதில் இல்லன்னா "யாராச்சும் ஆம்புலன்ஸ கூப்பிடுங்க"ன்னு பொதுவா கத்தாம ஒருத்தர கை நீட்டி "அண்ணே நீங்க போன் பண்ணுங்க, அக்கா நீங்க ஏஇடி ஷாக் மெஷின் இருக்கான்னு பாத்து எடுத்துட்டு வாங்க"ன்னு ஆளப் பாத்து சொல்றது. தனியா இருந்தா போன ஸ்பீக்கர்ல போட்டு கீழ வச்சிடுங்க, கை ரெண்டும் காலியா இருக்கணும். அடுத்து தலைய பின்னாடி சாய்ச்சு தாடைய தூக்கி மூச்சு பாக்கறது, 10 செகண்டுக்கு மேல வேண்டாம்.

இந்த மூச்சு விஷயத்துலதான் நான் இன்னைக்கு கொஞ்ச நேரம் நிக்கப் போறேன்.

நேத்து சாயங்காலம் நாடகப் பயிற்சில நான் தரையில படுத்து நடிச்சேன்ல, வாயத் திறந்து, சில செகண்டுக்கு ஒரு தடவ, குறட்டையும் ஏக்கமும் கலந்த மாதிரி ஒரு சத்தம் விட்டேன். ஆறு குழுல நாலு குழு "மூச்சு இருக்கு"ன்னு சொல்லி என்னை ஒருக்களிச்சு படுக்க வச்சுட்டீங்க. அது மூச்சே இல்லங்க. இதயம் நின்ன முதல் சில நிமிஷத்துல நிறைய பேருக்கு அப்படி வரும், மூளையோட அடித்தண்டுல இருந்து கிளம்பற ஒரு அனிச்சைச் செயல் அது, அதனால நுரையீரலுக்கு தேவையான காத்து போகாது, ரத்தமும் ஓடாது. ஆனா பாக்கறவங்களுக்கு உயிரோட போராடுற மாதிரியே தெரியும், அதனாலதான் கை நின்னுடுது.

கிளம்பும்போது நம்ம குழுல ஒரு அக்கா என்னைத் தனியா கூப்பிட்டாங்க. அவங்க சம்மதத்தோடதான் சொல்றேன். அவங்க அப்பா வீட்டுல விழுந்தப்போ இதே சத்தம்தான் வந்துச்சாம், தூங்கறாரு, மூச்சு விடறாருன்னு நினைச்சு பக்கத்துலயே உக்காந்து கையப் பிடிச்சுட்டு இருந்தாங்களாம். நேத்து நான் அந்த சத்தம் விட்டதும் அவங்களுக்கு எல்லாமே திரும்பி வந்துடுச்சு. அக்கா, நேத்து உங்ககிட்ட சரியா பதில் சொல்ல முடியல, இப்போ எல்லார் முன்னாடியும் சொல்றேன், அது உங்க தப்பு இல்ல. பயிற்சி எடுத்தவங்களையே ஏமாத்தற சத்தம் அது, உங்களுக்கு அப்போ யாரும் சொல்லித் தரல.

அதனால இதை மனசுல வச்சுக்கங்க. கூப்பிட்டா பதில் இல்ல, மூச்சு சாதாரணமா இல்ல, இது ரெண்டும் சேர்ந்தா உடனே அழுத்த ஆரம்பிங்க. மூச்சானு சந்தேகமா இருந்தாலும் ஆரம்பிங்க. இதயம் ஓடிட்டு இருந்திருந்தா அவரு பெரும்பாலும் அசைவாரு, முனகுவாரு, நாம நிறுத்திக்கலாம், அதுல பெரிய கெடுதல் வர்றது ரொம்ப அபூர்வம். ஆனா நின்ன இதயத்த விட்டுட்டு காத்திருந்தா ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கற வாய்ப்பு குறைஞ்சுட்டே போகும்.

அழுத்தற கணக்கு ஞாபகம் இருக்கா? நெஞ்சு நடுவுல, நெஞ்செலும்போட கீழ்ப் பாதில, 5 சென்டிமீட்டர் ஆழம், 6 தாண்டக் கூடாது, நிமிஷத்துக்கு 100ல இருந்து 120. முப்பது அழுத்தம், ரெண்டு மூச்சு. மூச்சு குடுக்க தெரியலன்னாலோ மனசு வரலன்னாலோ விடாம அழுத்தினா போதும். ஆழமும் வேகமும் நேத்து எல்லாருக்குமே நல்லா வந்துச்சு. வராதது ஒண்ணுதான், கைய மேல விடறது. அந்த கடைசி பொம்மைல ஒரு தம்பி பண்ணும்போது நான் பக்கத்துல மண்டி போட்டு பாத்தேன், ஆழம் சரின்னு பொம்மை குடுக்கற கிளிக் சத்தம் ஒவ்வொரு தடவையும் சரியா கேட்டுச்சு, ஆனா சோர்வு ஏற ஏற உடம்பு எடை கைமேலயே தங்கிடுச்சு, பொம்மையோட நெஞ்சு பாதி தூரம்தான் திரும்பி எழும்புச்சு. அந்த எழும்பற நேரத்துலதான் இதயத்துல ரத்தம் வந்து நிரம்பும். நிரம்பலன்னா அடுத்த அழுத்தத்துல வெளிய தள்ள என்ன இருக்கும்? அதுக்குத்தான் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஆள் மாத்தச் சொல்றது, "எனக்கு வலிக்கல"ன்னு சொன்னாலும் மாத்துங்க.

ஏஇடி எல்லாரும் நல்லா பண்ணீங்க, அதுல திரும்பப் போகல. ஆன் பண்ணதும் அது சொல்றத செய்யறது, அது இதயத்த சோதிக்கும்போதும் ஷாக் குடுக்கும்போதும் யாரும் தொடாம இருக்கறது, அவ்வளவுதான்.

கேள்விப் பெட்டில மூணு சீட்டு ஒரே கேள்வி: விலா எலும்பு உடைஞ்சா என்ன பண்றது? நேத்து ஒருத்தர் கேட்டப்போ "அதெல்லாம் ஆகாது, பயப்படாதீங்க"ன்னு அவசரத்துல சொல்லிட்டேன். அது தப்பு, திருத்திக்கறேன். உடையலாம், வயசானவங்களுக்கு அடிக்கடியே உடையும், கைக்குக் கீழ நறுக்குனு தெரியும். அப்போ கை சரியான இடத்துல இருக்கான்னு ஒரு பார்வை பாத்துட்டு தொடர்ந்து அழுத்துங்க. எலும்பு கூடிடும். இன்னொரு சீட்டு, தண்ணில மூழ்குனவங்களப் பத்தி. அங்க காத்துதான் மொதல்ல தீர்ந்திருக்கு, அதனால மூச்சு குடுக்கறது ரொம்ப முக்கியம், அத மதியம் செஞ்சே பாப்போம்.

இன்னைக்கு காலைல குழந்தைங்க, கைக்குழந்தைங்க, அப்புறம் தொண்டைல அடைச்சுக்கறது. மதியம் ரத்தப்போக்கும் தீக்காயமும். ஆனா புதுசுக்கு போறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் பழைய பொம்மைகிட்டயே போறோம். இப்போ யார் பக்கத்துல உக்காந்திருக்கீங்களோ அவங்கதான் உங்க ஜோடி. ஒருத்தர் அழுத்துங்க, இன்னொருத்தர் முகத்தப் பாக்காம நெஞ்ச மட்டும் பாருங்க, முழுசா மேல வரலன்னா "விடு"ன்னு சொல்லுங்க. நான் நடுநடுவுல அந்த சத்தம் விடுவேன், கேட்டும் கை நிக்கக் கூடாது. அக்கா, நீங்க வேணும்னா அந்த நேரம் வெளிய இருக்கலாம். இருக்கேன்னு தலையாட்டறீங்க, சரி, அப்போ என் பக்கத்துல வாங்க. எல்லாரும் எழுந்திரிங்க, முட்டிக்கு பாய் மூலைல இருக்கு.