அமரர் முருகேசன் அவர்களின் நிலுவைத் தொகை குறித்து

பல்லடம், 14.08.2025

மதிப்பிற்குரிய திருமதி செல்வி முருகேசன் அவர்களுக்கு,

வணக்கம். 14 ஆண்டுகள் எங்கள் நூற்பாலையில் ரிங் பிரேம் பிரிவில் பணிபுரிந்த உங்கள் கணவரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். இந்த நேரத்தில் கணக்குப் பேச மனம் கூசுகிறது. ஆனாலும் உங்களுக்குச் சேர வேண்டியது தாமதமாகக் கூடாது.

ஜூலை மாதத்தின் 19 நாள் சம்பளம் ரூ.13,300, எடுக்காத 22 நாள் விடுப்புக்கு ரூ.15,400, பணிக்கொடை ரூ.1,47,000, ஆக மொத்தம் ரூ.1,75,700. ஈமச்சடங்குக்கு நாங்கள் தந்த பணம் இதில் கழிக்கப்படாது.

வருங்கால வைப்பு நிதி, விதவை ஓய்வூதியம், காப்பீட்டுத் தொகை மூன்றும் வைப்பு நிதி அலுவலகத்திலிருந்து நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். மூன்றுக்கும் ஒரே விண்ணப்பம்தான். நாங்களே நிரப்பித் தருகிறோம், நீங்கள் கையெழுத்திட்டால் போதும். அதற்காக யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டாம்.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உங்கள் ஆதார், வங்கிப் புத்தக நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் மூவரின் புகைப்படங்கள் தேவை. வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரச் சற்று நாளாகும். அதற்காகக் காத்திராமல் மற்றவற்றை முதலில் கொடுங்கள்.

எதற்கும் எங்கள் நல அலுவலர் திருமதி கலைவாணியிடம் பேசுங்கள் (ஆலைத் தொலைபேசியில் உள் எண் 214). அலைய முடியாவிட்டால் சொல்லுங்கள், அவரே வீட்டுக்கு வருவார்.

இப்படிக்கு,
இரா. சண்முகம்
பணியாளர் பிரிவு மேலாளர்