நீ எப்போது கையெழுத்துப் போட்டாய்?

வகுப்பில் நீ கேட்டதற்கு அரை நிமிடத்தில் பதில் சொல்ல முடியாது என்பதால்தான் எழுதித் தருகிறேன் என்றேன். “நான் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லையே, அப்புறம் அது எப்படி என்னைக் கட்டுப்படுத்தும்?” என்று கேட்டாய். எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் மக்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டதால்தான் அரசுக்கு அதிகாரம் வருகிறது என்கிற ‘சமூக ஒப்பந்தம்’ பாடத்தின் மொத்தப் பிரச்சினையும் அந்த ஒரு கேள்விதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். காட்டில் திரிந்த மனிதர்கள் ஒரு நாள் மரத்தடியில் கூடி உட்கார்ந்து, ‘இனி நமக்கு ஒரு அரசு வேண்டும்’ என்று ஒப்பந்தம் எழுதினார்கள் என்ற வரலாறு இல்லை. இது ஒரு கற்பனைச் சோதனை. அரசு என்ற ஒன்றை நம் தலையிலிருந்து கழற்றி எடுத்துவிட்டுப் பார்க்கிறோம்: போலீஸ் இல்லை, நீதிமன்றம் இல்லை, வரி இல்லை. இதற்குத்தான் ‘இயற்கை நிலை’ என்று பெயர். அந்த நிலையில் இருப்பவர்கள் எதைக் கொடுத்து எதை வாங்க ஒத்துக்கொள்வார்கள்? இதற்கு வரும் பதிலைப் பொறுத்துத்தான் அரசுக்கு எவ்வளவு அதிகாரம் என்பது முடிவாகும்.

ஆங்கிலேயத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் சொல்லும் இயற்கை நிலை பயங்கரமானது. அவர் காலம் அப்படி. இங்கிலாந்தில் 1642-இல் உள்நாட்டுப் போர் வெடித்தது, 1649-இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலையையே வெட்டினார்கள், ஹாப்ஸ் அதற்கு முன்பே பாரிசுக்கு ஓடியிருந்தார். அவருடைய ‘லெவயதன்’ என்ற புத்தகம் 1651-இல் வந்தது. மனிதர்கள் கெட்டவர்கள் என்று ஹாப்ஸ் சொன்னதாகப் பலர் எழுதிவைப்பார்கள், நீயும் பரீட்சையில் அப்படி எழுதிவிடாதே. அவர் சொல்வது அதைவிடக் கூர்மையானது: மனிதர்கள் ஏறக்குறைய சமம். எவ்வளவு பெரிய பலசாலியாக இருந்தாலும் தூங்கித்தானே ஆக வேண்டும்? தூங்கும்போது மெலிந்தவன்கூட அவனைக் கொன்றுவிடலாம். அதனால் எல்லாருக்கும் எல்லார் மேலும் பயம். நான் நல்லவன், நீயும் நல்லவன், ஆனால் நீ முந்திக்கொள்வாயோ என்று எனக்குச் சந்தேகம், எனக்கு அந்தச் சந்தேகம் இருப்பது உனக்குத் தெரியும், அதனால் உனக்கும் சந்தேகம், கடைசியில் யாரோ ஒருவர் வெறும் பயத்திலேயே முதல் அடியை அடிக்கிறார். இதை நீ நம்பாவிட்டால் ஹாப்ஸ் உன்னையே பார்க்கச் சொல்கிறார்: சட்டமும் காவலர்களும் இருந்தும் இரவில் கதவைப் பூட்டுகிறாய், வீட்டுக்குள்ளேயே பெட்டியையும் பூட்டுகிறாய், கூட இருப்பவர்களைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்பதை அந்தப் பூட்டு சொல்லவில்லையா?

எனக்கு அவர் எழுத்தில் மிகவும் பிடித்த இடம் அது. அவர் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. எல்லாரும் தங்கள் உரிமைகளை ஒரே கையில் ஒப்படைக்க வேண்டுமாம். அந்தக் கைக்குரியவர்தான் இறையாண்மையாளர், அதாவது தனக்கு மேல் யாரும் இல்லாத ஆட்சியாளர். கவனி, ஒப்பந்தம் மக்களுக்குள்தான், அவரோடு அல்ல. அவர் எதிலும் கையெழுத்துப் போடாததால், ‘நீ ஒப்பந்தத்தை மீறிவிட்டாய்’ என்று அவரிடம் யாரும் சண்டைக்குப் போக முடியாது. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது என்கிறார், உயிர். கொல்ல வந்தால் தடுக்கலாம்.

ஹாப்ஸுக்குப் பின் வந்த ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் இங்கேதான் மாறுபடுகிறார். அவருடைய இயற்கை நிலையில் மனிதர்களுக்கு ஏற்கெனவே உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவற்றில் உரிமை உண்டு, நியாயமும் ஓரளவு தெரியும். பிறகு அரசு எதற்கு? இப்படி யோசி. உன் வண்டியை நான் கீறிவிட்டேன். நீ பார்த்தால் பெரிய சேதம், நான் பார்த்தால் சின்னக் கோடு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் அவரவர் வழக்குக்கு அவரவரே நீதிபதி. இன்று கோடு, நாளை கைகலப்பு. ஆகவே தெரிந்த சட்டம், நடுநிலையான நீதிபதி, தீர்ப்பை நிறைவேற்றும் பலம் என்ற மூன்றுக்காக மட்டும் அரசை அமைக்கிறோம். அதிகாரத்தை நம்பி ஒப்படைக்கிறோம், விற்றுவிடுவதில்லை. நம்பிக்கையைக் கெடுத்தால் ஆட்சியைத் தூக்கியெறியலாம். அவருடைய ‘அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள்’ ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்ததற்கு இந்தக் கடைசி வரி ஒன்றே போதுமான காரணம்.

பிரெஞ்சில் எழுதிய தத்துவவாதி ரூசோதான் கொஞ்சம் சிக்கல். ‘சமூக ஒப்பந்தம்’ என்ற பெயரிலேயே புத்தகம், 1762. அவர் கேள்வி வேறு: எல்லாரோடும் சேர்ந்தும், தனக்குத்தானே கீழ்ப்படிகிறவனாக ஒருவன் இருக்க முடியுமா? முடியும், சட்டத்தை இயற்றுகிறவர்களும் நாமே என்றால், என்கிறார். இங்கே ‘பொது விருப்பம்’ வருகிறது. நாற்பது பேர் சேர்ந்து தேர்வுத் தேதியை முடிவு செய்கிறார்கள் என்று வை. ஒவ்வொருவரும் தன் சௌகரியத்தைப் பார்த்துக் கை தூக்கினால் அது நாற்பது தனி விருப்பங்களின் கூட்டல். ‘மொத்த வகுப்புக்கும் எது சரி?’ என்று யோசித்துக் கை தூக்கினால் அது பொது விருப்பத்துக்குக் கிட்டே வருகிறது. சரி, அதற்கு ஒத்துக்கொள்ளாதவனை? சுதந்திரமாக இருக்கும்படி கட்டாயப்படுத்த வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். அந்த வாக்கியத்தைப் படித்து நடுங்கியவர்கள் நிறையப் பேர், எனக்கும் அது உவப்பாக இல்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். லாக்குக்கும் அது தெரிந்தே இருந்தது. வாயால் சொல்லாவிட்டாலும், ஒரு நாட்டில் வசிப்பது, ஏன், அதன் நெடுஞ்சாலையில் நடந்து போவதுகூட மறைமுகச் சம்மதம்தான் என்றார். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1748-இல் இதைப் போட்டு உடைத்தார். தூங்கிக்கொண்டிருந்த ஒருவனைத் தூக்கிக் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். விழித்துப் பார்த்தால் நடுக்கடல். வேண்டாமென்றால் குதித்துச் சாகலாம். குதிக்காமல் இருப்பதால் கப்பல் தலைவனின் அதிகாரத்துக்கு அவன் சம்மதித்துவிட்டான் என்று சொல்வீர்களா? வேறு மொழி தெரியாத, வேறு வாழ்க்கைக்கு வழியில்லாத ஏழைக்கு நாட்டை விட்டுப் போகும் சுதந்திரம் இருக்கிறது என்பதும் அப்படித்தான்.

ஹியூமுக்கு நேரான பதில் கிடையாது என்பதே என் எண்ணம். 1971-இல் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் கேள்வியையே மாற்றினார். நீ சம்மதித்தாயா என்று கேட்காதே, நியாயமான நிலையில் இருந்திருந்தால் சம்மதிப்பாயா என்று கேள். பணக்காரனா ஏழையா, ஆணா பெண்ணா, எந்த மதம், உடல்நலம் எப்படி என்று எதுவும் தெரியாதபடி ஒரு ‘அறியாமைத் திரை’க்குப் பின்னால் உன்னை உட்காரவைத்து, சமூகத்தின் விதிகளை எழுதச் சொல்கிறார். அந்த விதியின் அடியில் மாட்டுகிறவன் நீயாகவே இருக்கலாம் என்பதால் பார்த்துத்தான் எழுதுவாய். இதைப் பிடித்துக்கொண்டால் ஒப்பந்தம் பழைய சம்பவமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, எந்தச் சட்டத்தின் முன்னாலும் நிறுத்திக் கேட்கக்கூடிய கேள்வியாகிவிடுகிறது.

ஆனாலும் ஒரு குறை. ஒப்பந்தம் போட உட்கார்ந்தவர்கள் யார் யார்? அரசியல் சிந்தனையாளர் கரோல் பேட்மேன் 1988-இல் பெண்கள் அந்த மேசையில் இல்லவே இல்லை என்று காட்டினார், தத்துவவாதி சார்லஸ் மில்ஸ் 1997-இல் நிறத்தின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்டவர்களைக் காட்டினார். இவர்கள் பாடத்திட்டத்தின் கடைசியில் வருவதால் பலர் தொடுவதே இல்லை.

அடுத்த வகுப்புக்கு முன்னால் ‘லெவயதன்’ பதின்மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு வா, சில பக்கங்கள்தான். பூட்டு அங்கேதான் வரும். அந்தப் பூட்டுக்கு லாக் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று உன்னிடம் கேட்பேன்.