மறுப்புரை: திருத்திய பிரதி

தம்பி,

எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி தொடர வேண்டும் என்று பட்டிமன்றத்தில் பேச நீ எழுதி அனுப்பிய மறுப்புரையை இரண்டு முறை வாசித்தேன். வெள்ளிக்கிழமை முதல் சுற்றில் நீ எடுத்த குறிப்புகளின் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். குறிப்பு அருமை. எதிரணி சொன்னதை அவர்கள் வாயில் வந்தபடியே எழுதி வைத்திருக்கிறாய். ஆனால் அந்தக் குறிப்பை மூடி வைத்துவிட்டு மறுப்புரையை எழுதியிருக்கிறாய் என்று தோன்றுகிறது. அதனால்தான் நிறைய வெட்ட வேண்டியதாயிற்று. கோபித்துக்கொள்ளாதே.

முதலில் நேரம். வெள்ளிக்கிழமை உன் அணித் தோழி பதிவு செய்து அனுப்பிய உன் பேச்சைக் கேட்டு எண்ணினேன். 4 நிமிடத்தில் 380 சொல், அதாவது நிமிடத்துக்கு 95. மேடையில் உன் இயல்பான வேகம் அதுதான். நீ எழுதிய மறுப்புரை 402 சொல். அதே வேகத்தில் பேசினால் 4 நிமிடம் 14 விநாடி ஆகும். உனக்குக் கொடுத்திருப்பது 3 நிமிடம். வேகமாகப் பேசிச் சமாளித்துவிடலாம் என்று எண்ணாதே. வேகம் கூடினால் நீ வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுகிறாய். தமிழில் வினை இருப்பதே கடைசியில்தான். 'மறுக்கிறேன்' என்றாயா 'மறுக்கவில்லை' என்றாயா என்று நடுவருக்குக் கேட்காமல் போனால் எல்லாம் வீண்.

இனி உள்ளே போவோம். எதிரணியின் முதல் கருத்துக்கு நீ எழுதிய பதில் இது:

"எதிரணியினர் தேர்வு மட்டுமே கல்வி என்று நினைக்கிறார்கள். மதிப்பெண் மட்டுமே வாழ்க்கை இல்லை. பள்ளியில் தோற்று வாழ்க்கையில் ஜெயித்தவர்கள் எத்தனையோ பேர்."

உன் நோட்டில் இருப்பது என்ன? 'ஃபெயில் ஆயிடுவோம்னு பயம் இருந்தாதான் படிப்பாங்க.' தேர்வு மட்டுமே கல்வி என்று அவர்களில் யாரும் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றை அவர்கள் வாயில் வைத்து அதை அடித்திருக்கிறாய். நடுவர் கையிலும் ஒரு தாள் இருக்கும், அதில் 'பயம்' என்று எழுதியிருப்பார். உன் பதிலில் அந்தச் சொல் வரவே இல்லை என்றால், பக்கத்தில் 'பதில் இல்லை' என்றுதான் குறிப்பார்.

இத்தனைக்கும் பதில் உன் நோட்டிலேயே, அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அவர்களின் இரண்டாம் பேச்சாளர் 'ஒன்பதாவது வந்து திணறுறாங்க' என்று சொல்லியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் ஃபெயில் உண்டே! பயம் இருக்கும் வகுப்பிலேயே திணறுகிறார்கள் என்றால் முதல் பேச்சாளர் சொன்ன பயம் எங்கே வேலை செய்தது? இரண்டு பக்கத்தையும் சேர்த்து வாசித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். உன் பேச்சின் உயிரே இந்த இடம்தான். அதனால் அதை முதலில் வைத்திருக்கிறேன்.

இரண்டாவதில் 'அவர்கள் சொன்ன புள்ளிவிவரம் தவறு' என்று எழுதியிருந்தாய். எப்படித் தவறு என்று நடுவர் கேட்டால் என்ன சொல்வாய்? கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் ஏசர் அறிக்கை அப்படித்தான் சொல்கிறது. உண்மையை உண்மை என்று ஒப்புக்கொள். அது யார் பக்கம் பேசுகிறது என்பதில்தான் உன் வாதம் இருக்கிறது.

காமராசரின் மதிய உணவுத் திட்டம் பற்றி ஒன்பது வரி எழுதியிருந்தாய். நன்றாகவே எழுதியிருந்தாய். ஆனால் பசியைப் பற்றி எதிரணி எதுவும் சொல்லவில்லை. மறுப்புரையில் அது யாருக்கும் பதிலாகாது. தொகுப்புரை பேசும் தோழியிடம் கொடுத்துவிடு, அவளுக்கு உதவும். எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் போடக் கூடாது என்று முதலில் சொன்ன கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2010 என்று ஆண்டு போட்டிருந்தாய். சட்டம் 2009, நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. இப்போது அந்த வரியே இல்லை, ஆனாலும் யாராவது கேட்டால் சரியாகச் சொல். வணக்கமும் குறளும் மட்டும் 58 சொல் இருந்தன. அரை நிமிடத்துக்கு மேல் அதிலேயே போய்விடும், எடுத்துவிட்டேன்.

திருத்திய பேச்சு இது. 264 சொல், உன் வேகத்தில் 2 நிமிடம் 47 விநாடி.

* * *

நடுவர் அவர்களுக்கும் அவையினருக்கும் வணக்கம். எதிரணியினர் வெள்ளிக்கிழமை மூன்று காரணங்கள் சொன்னார்கள். மூன்றுக்கும் வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

முதல் காரணம். 'ஃபெயில் ஆகிவிடுவோம் என்ற பயம் இருந்தால்தான் பிள்ளைகள் படிப்பார்கள்' என்றார் அவர்களின் முதல் பேச்சாளர். அதே அணியின் இரண்டாம் பேச்சாளர் என்ன சொன்னார்? ஒன்பதாம் வகுப்பில் மாணவர்கள் திணறுகிறார்கள் என்றார். நடுவர் அவர்களே, அனைவருக்கும் தேர்ச்சி என்பது எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பில் ஃபெயில் உண்டு. அப்படியானால் பயமும் உண்டு. அந்தப் பயம் இருந்தும் ஏன் திணறுகிறார்கள்? பயம் ஒரு மாணவனைப் புத்தகத்தின் முன் உட்கார வைக்கலாம். எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்கு அந்தப் புத்தகத்தை அது வாசித்துக் காட்டாது. தேர்வே இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. பருவந்தோறும் தேர்வு எழுதுகிறோம், மதிப்பெண் வாங்குகிறோம், வீட்டில் கையெழுத்தும் வாங்குகிறோம்.

இரண்டாவது காரணம். 'கிராமப்புறத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரியவில்லை' என்று ஏசர் அறிக்கையைக் காட்டினார்கள். உண்மை. மறுக்கவில்லை. ஆனால் அந்த எண் எங்கள் பக்கம்தான் பேசுகிறது. குறை இரண்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிட்டது. ஃபெயில் போட்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? அதே வகுப்பு, அதே பாடம், அதே வேகம். முதல் வருடம் புரியாதது இரண்டாம் வருடம் எப்படிப் புரியும்? தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தைப் பாருங்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கும் நிலையைப் பார்த்துப் பாடம் சொல்கிறார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வேண்டியது அப்படி ஒரு வகுப்பு, இன்னொரு வருடம் அதே பெஞ்ச் அல்ல.

மூன்றாவது காரணம். 'சட்டத்தையே திருத்திவிட்டார்கள், தமிழ்நாடு மட்டும் ஏன் பிடிவாதம் பிடிக்கிறது' என்று கேட்டார்கள். 2019 திருத்தம் ஃபெயில் போடு என்று கட்டளையிடவில்லை. போடலாமா வேண்டாமா என்ற முடிவை அந்தந்த அரசிடம் விட்டது. அதே ஆண்டு தமிழ்நாடும் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்தது. 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. யோசித்து எடுத்த முடிவு எப்படிப் பிடிவாதம் ஆகும்? இன்னொன்று. 2024 டிசம்பரில் வந்த மத்திய அரசின் விதியை எதிரணி பாதிதான் வாசித்தார்கள். தேறாத மாணவனுக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்து இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும் என்கிறது அந்த விதி. ஆக, மருந்து பயிற்சிதான் என்று அவர்கள் காட்டிய விதியே ஒப்புக்கொள்கிறது. அந்த மருந்தைக் கொடுக்க, முதலில் பிள்ளையை ஃபெயில் ஆக்க வேண்டுமா?

பயம் கற்றுத் தராது, அதே பெஞ்சும் கற்றுத் தராது, சட்டமும் எங்களைத் தடுக்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி தொடர வேண்டும். நன்றி, வணக்கம்.

* * *

இரண்டாவது காரணத்தைத் தொடங்கும்போது கடிகாரம் 53 விநாடியில் இருக்க வேண்டும். மூன்றாவதைத் தொடங்கும்போது 1 நிமிடம் 43 விநாடி. இந்த இரண்டு எண்ணையும் அட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள். இரண்டரை நிமிடத்தில் எச்சரிக்கை மணி அடிக்கும்போது 'அந்த மருந்தைக் கொடுக்க' என்ற வரியின் பக்கத்தில் இருப்பாய். அப்படி இருந்தால் பதற்றமே வேண்டாம், மணி ஓயும்வரை ஒரு மூச்சு நிறுத்திவிட்டு அந்தக் கேள்வியைக் கேள். இன்னும் எடுப்பாகவே இருக்கும்.

நடுவில் கைதட்டினார்கள், நேரம் போய்விட்டது என்று வை. மூன்றாவதைத் தொடங்கும்போதே 1 நிமிடம் 55 ஆகிவிட்டால், 'அதே ஆண்டு தமிழ்நாடும்' என்பதிலிருந்து 'எப்படிப் பிடிவாதம் ஆகும்' வரை விட்டுவிடு. 19 சொல், 12 விநாடி மிச்சம். அட்டையில் அந்தப் பகுதியைக் கட்டம் போட்டு வை. ஒப்புக்கொள்கிற வரியை மட்டும் எந்த நிலையிலும் விடாதே. 'உண்மை. மறுக்கவில்லை.' இந்த இரண்டு சொல்லையும் நிதானமாகச் சொல், எதிரணி மேசையைப் பார்த்தே சொல்.

அவர்கள் திருப்பக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. 'எட்டு வருடம் பயம் இல்லாமல் வந்ததால்தான் ஒன்பதில் திணறுகிறான்' என்று குறுக்குக் கேள்வி வரலாம். நான் எதிரணியில் இருந்தால் அதைத்தான் கேட்பேன். அதற்கு அவர்களின் ஏசர் எண்ணையே எடு: "நீங்கள் காட்டிய பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்திலேயே நின்றுவிட்டான். ஏழு வயதுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்ட வராதது பயம் இல்லாததாலா, சொல்லிக்கொடுத்தது போய்ச் சேராததாலா?" இதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம், உட்கார்ந்துவிடு.

ஒரு சந்தேகம் எனக்கும் இருந்தது. மேடையில் 'ஃபெயில்' என்று சொல்லலாமா, 'தோல்வி' என்று மாற்றலாமா என்று. எதிரணி ஃபெயில் என்றுதான் சொன்னார்கள், அவர்கள் சொல்லிலேயே பதில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உங்கள் தமிழ் அய்யா மாற்றச் சொன்னால் மாற்றிக்கொள், சொல் எண்ணிக்கை கூடாமல் பார்த்துக்கொள். 'ஃபெயில் போடு' என்பதை மட்டும் 'நிறுத்தி வை' என்று மாற்றினால் போதும்.

நாளைக் காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை சொல்லிப் பார். நின்றுகொண்டு, முழுக் குரலில். கட்டிலில் படுத்துக்கொண்டு மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் எப்போதும் இருபது முப்பது விநாடி குறைவாகத்தான் காட்டும். காலைப் பதிவை எனக்கு அனுப்பு. மதியம் ஹாஸ்டலில் சாப்பாடு முடிந்ததும் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா