பேராசிரியர் பணி உயர்வு விண்ணப்பம்: பணி விளக்க அறிக்கை

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

தமிழ்த் துறையில் 2009-இல் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தேன். 2021 முதல் இணைப் பேராசிரியராக இருக்கிறேன். இப்போது 13ஏ நிலையிலிருந்து 14-ஆம் நிலைக்கு விண்ணப்பிக்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறை கேட்கும் அட்டவணைகள் தனியே இணைக்கப்பட்டுள்ளன. ஆய்வுக் கட்டுரைகள் பத்து வேண்டும், அவற்றில் மூன்று மதிப்பீட்டுக் காலத்தில் வந்திருக்க வேண்டும் என்பது விதி. என்னிடம் பதினான்கு இருக்கின்றன. அவற்றில் ஐந்து இந்த மூன்றாண்டுகளில் வந்தவை. அந்தக் கணக்கை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. அட்டவணையில் கற்பித்தல் ஒரு கட்டத்திலும் ஆய்வு இன்னொரு கட்டத்திலும் சமூகப் பணி மூன்றாவதிலும் உட்கார்ந்திருக்கின்றன. என் விஷயத்தில் மூன்றுமே ஒரே வேலை. அது வகுப்பறையில் தொடங்கியது.

முதுகலை நாட்டார் இலக்கியத் தாளை எடுக்கும்போது எனக்குக் கிடைக்கும் வகுப்பு ஒரே சீரானதல்ல. குப்பம், இராமகுப்பம் பக்கத்து மாணவர்கள் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், ஆனால் பள்ளிப் படிப்பு தெலுங்கு வழியில். வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் தமிழ் வழியில் படித்தவர்கள், தெலுங்கு எழுத்து தெரியாது. இதை ஒரு குறையாகக் கருதி, முன்னவர்களுக்குத் தனி வகுப்பு வைத்து ‘சரிசெய்வது’தான் வழக்கம். நானும் வைத்தேன், இன்றும் வைக்கிறேன். ஆனால் அதைவிடப் பயனுள்ள ஒன்று இருந்தது. அதைக் காட்டியது கூத்து நோட்டு.

சித்தூர் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோவில் பாரதத் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இந்த நோட்டு புதிதல்ல. பகலில் கதை, இரவில் கூத்து, அர்ச்சுனன் தபசுக்கு நட்ட கம்பம், கடைசியில் படுகளம், தீமிதி. ஆட்டத்தை நடத்தும் வாத்தியாரிடம் ஒரு நீள நோட்டு இருக்கும். வகுப்புக்கு நான் முதலில் கொண்டுவந்த நோட்டின் அட்டை பழைய காலண்டர் தாள், ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. உள்ளே விருத்தமும் தருவும் தமிழ், எழுத்து முழுக்கத் தெலுங்கு. எழுதிய வாத்தியார் தெலுங்குப் பள்ளியில் படித்தவர், ஆடியதும் பாடியதும் தமிழில்.

இதை யார் படிப்பது? தமிழ் வழி மாணவர்களுக்கு எழுத்து புரியவில்லை. தெலுங்கு வழி மாணவர்கள் சரளமாக வாசித்தார்கள், ஆனால் விருத்தத்தின் இலக்கணமும் பழஞ்சொற்களும் அவர்களுக்குப் பிடிபடவில்லை. எனவே இருவர் இருவராக உட்கார வைத்தேன். ஒருவர் வாசிக்க, மற்றவர் காதில் விழுவதைத் தமிழில் எழுதிச் சீர் பிரிக்க வேண்டும். தனி வகுப்பில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மாணவி இங்கே துணைக்கு வேண்டியவள் ஆனாள். இந்தப் பயிற்சி இப்போது பாடத்திட்டத்தில் அகமதிப்பீட்டின் ஒரு பகுதி. மாணவர்கள் எழுதிய படிகளில் மாதிரிக்கு மூன்று இணைப்பில் உள்ளன. என் கற்பித்தலை மதிப்பிட மாணவர் கருத்துப் படிவத்தைவிட அவையே பொருத்தம் என்பது என் எண்ணம்.

ஆய்வுக் கேள்வியும் இந்தப் படியெடுப்பில்தான் எழுந்தது. தமிழ் எழுத்தில் ‘காகம்’ என்று எழுதினால் முதல் ககரமும் இரண்டாம் ககரமும் ஒரே வடிவம், ஒலி வேறாக இருந்தாலும். தெலுங்கில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. ஆகவே இந்த நோட்டுகள் பாடலின் வாசகத்தோடு உச்சரிப்பையும் பதிந்து வைத்திருக்கின்றன. அதோடு, இன்றைய தெலுங்கு எழுத்தில் ழகரம் வழக்கில் இல்லை. ‘பழி’ என்ற சொல்லை ஒரு வாத்தியார் ளகரத்தில் எழுதுகிறார், இன்னொருவர் யகரத்தில். எழுதியவர் எந்த ஊர்ப் பேச்சுக்காரர் என்பதை இது ஓரளவு காட்டிக் கொடுக்கிறது. முன்பு இத்தகைய நோட்டுகள் கிடைத்தால், ‘பிழை மலிந்த படி’ என்று திருத்தி அச்சிட்டுவிடுவோம். அந்தப் பிழைகள்தான் சான்று என்பதே என் ஐந்து கட்டுரைகளும் வெவ்வேறு வழியில் சொல்வது. நான் பதிப்பித்த ‘திரௌபதி துகில்’ நாடகத்தில் இடப்பக்கம் நோட்டில் உள்ளபடியும் வலப்பக்கம் சீர் பிரித்த தமிழும் இருக்கும். அதற்கு ஆன நேரத்தில் இன்னும் நாலைந்து கட்டுரை எழுதியிருக்கலாம். பதிப்பு இல்லாமல் கட்டுரைகளுக்கு அடிப்படை ஏது?

எல்லைக் கதையையும் இதில் விட முடியாது. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, சத்தியவேடு ஆந்திரத்துக்கு வந்தது. கூத்து ஜமாக்கள் எந்த ஊரில் ஆடுவது என்பதை அந்த எல்லையைப் பார்த்து முடிவு செய்யவில்லை. ஆனால் பிள்ளைகள் படித்த பள்ளி மாறியது, அதனால் நோட்டின் எழுத்தும் மாறியது. இரண்டு தலைமுறை நோட்டுகள் ஒரே வீட்டில் கிடைக்கும்போது, தாத்தாவுடையது தமிழெழுத்தில், பேரனுடையது தெலுங்கெழுத்தில். என் வழிகாட்டலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துள்ள இருவரில் ஒருவர் இதைத்தான் ஆராய்கிறார். அவரும் அந்த இணை வாசிப்பு வகுப்பில் உட்கார்ந்தவர்.

சமூகப் பணி என்று நான் தனியாகத் தேடிப் போகவில்லை. ஒரு வீட்டிலிருந்து நோட்டை வாங்கினால் திருப்பித் தர வேண்டும், அதுதான் தொடக்கம். மின்படி எடுத்ததும் மூலத்தையும் ஒரு நல்ல ஒளிநகலையும் குடும்பத்துக்கே கொடுத்துவிடுகிறோம். மூலத்தைப் பல்கலைக்கழகம் வைத்துக்கொள்ளலாமே என்று சக ஆசிரியர்கள் கேட்டதுண்டு. அடுத்த திருவிழாவுக்கு வாத்தியார் எதைப் பார்த்துப் பாடுவார்? நோட்டு கொடுக்கப் போனால் அங்கே வேறு வேலை காத்திருக்கும்: கலைஞர் ஓய்வூதிய விண்ணப்பம், ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் வேறுவேறாக இருப்பது, ஆடியதற்குச் சான்று. அந்த மனுக்களை நிரப்ப மாணவர்களை அழைத்துப் போகிறேன். ஜமாவின் வரலாறு, யாரிடம் கற்றார், எந்த வேடம் கட்டினார் என்பதெல்லாம் அந்த உட்காரலில்தான் வெளிவருகிறது. ஒலிப்பதிவுக் கருவியை நீட்டிக் கேட்டால் பாதிகூட வராது.

அப்புறம், கோடை விடுமுறையில் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வகுப்பு நடத்துகிறோம். பாடநூல் கிடையாது. அவரவர் ஊர்க் கூத்துப் பாட்டே பாடம்.

பாடத்திட்டக் குழு, உள்தர உறுதிப்பாட்டுக் குழு, மாணவியர் விடுதிக் காப்பாளர் பொறுப்பு ஆகியவற்றின் ஆணைகள் இணைப்பில் உள்ளன. விடுதிப் பொறுப்பைப் பற்றி எழுத நிறைய உண்டு, இந்த அறிக்கைக்கு அவை தேவையில்லை.

பதவி உயர்வு கிடைத்தால் செய்ய நினைப்பது இரண்டு. முதலாவது, ‘கர்ண மோட்சம்’ பதிப்பு. மூன்று நோட்டுகளை ஒப்பிட்டாக வேண்டும். அவற்றில் ஒன்றின் தருக்களுக்கு மெட்டுத் தெரிந்தவர் எழுபது கடந்த ஒரே ஒரு வாத்தியார் என்பதால் ஒலிப்பதிவை முதலில் முடிப்பேன். இரண்டாவது, இணை வாசிப்பைத் தெலுங்கு, கன்னடத் துறைகளோடு சேர்ந்த பொது விருப்பத்தாளாக ஆக்குவது. தாளின் வரைவு தயாராக உள்ளது. இரு துறைத் தலைவர்களும் கொள்கையளவில் இசைந்திருக்கிறார்கள், வரும் பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் வைக்க வேண்டியதுதான்.