தாராவித் தகரத்தில் மழை

சொட்டு... சொட்டு...
சொட்டுச் சொட்டு
தகரக் கூரை தட்டும் மழை
தட்டித் தட்டித் தாளம் கட்டித்
தாராவியில் கொட்டும் மழை

சடசட சடசட சாரல் அடிக்கச்
சந்து முழுக்கக் குடைகள் விரிய
நீலத் தார்ப்பாய் நிறைந்து தளும்ப
நீளக் கம்பால் அப்பா தள்ளச்
சோ...வென விழுந்த தண்ணீர்க்குள்ளே
சொக்கி நின்றோம், அக்காவும் நானும்

ஒழுகும் இடத்தில் பித்தளைக் குண்டான்
டிங்... டிங்... டிணுக்கு டிங்
அம்மா போட்ட சுக்குக் காப்பி
ஆவி பறக்க ஆளுக்குப் பாதி
ஆச்சி மடியில் குற்றாலச் சேதி
ஆனி ஆடிச் சாரல் சேதி

தடதட தடதட தண்டவாளம்
தண்ணீர் ஏறி ரயிலும் நிற்க
மாட்டுங்காவில் இறங்கி நடந்து
மல்லிகைப் பொட்டலம் நனையாமல்
மடியில் பொத்தி வந்தார் அப்பா
அம்மா சிரித்தாள்,
அடடா, மழை!

சொட்டுச் சொட்டு
சொட்டு... சொட்டு...
குண்டான் நிறையக் கூரையின் பாட்டு
சொட்டு...